256 பக்கம் நான்கு பக்கமாகும்போது

இரண்டாயிரங்களில் தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்களுக்கு சேலஞ்சர் விபத்து ஒரு 16 மதிப்பெண் கேள்வியாக நினைவிருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் அன்றைய 'புரொஃபெஷனல் எத்திக்ஸ்' பாடத்திட்டத்தில் அது பெயர் சொல்லியே இடம்பெற்றிருந்தது. விடையும் எல்லோருக்கும் மனப்பாடம். 1986 ஜனவரி 28 அன்று விண்கலம் கிளம்பி 73 வினாடியில் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள், குளிரில் ரப்பர் வளையம் இறுகிப்போனது, பொறியாளர்கள் எச்சரித்தும் நிர்வாகம் கேட்கவில்லை. நான்கு துணைத்தலைப்பு, ஒரு படம், முடிவுரை போட்டால் மதிப்பெண் நிச்சயம்.

அந்த விடையை எழுதிய மாணவரிடம், “முந்தின நாள் இரவு அந்தக் கூட்டத்தில் நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. காரணம், அவர் படித்தது கேஸ் ஸ்டடியின் சுருக்கம். வகுப்பில் கேஸ் நடத்தும் ஆசிரியருக்கு வேண்டியது வேறொன்று. ஆங்கிலத்தில் 'டீச்சிங் நோட்' என்பார்கள். கற்பித்தல் குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இது மாணவர் கைக்குப் போகாது. எதற்காக இந்தக் கேஸை நடத்துகிறோம், எந்தக் கேள்வியில் தொடங்குவது, மாணவர் இப்படிச் சொன்னால் அடுத்து என்ன கேட்பது, எந்தத் தகவலை எப்போது வெளியே எடுப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். சுருக்கத்தில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். குறிப்பிலோ சில விஷயங்கள் முழுதாக இருக்கும், மற்றவை சுத்தமாக இருக்காது.

சேலஞ்சரையே எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. வில்லியம் ரோஜர்ஸ் தலைமையிலான விசாரணை ஆணையம் 1986 ஜூனில் கொடுத்த அறிக்கை ஐந்து தொகுதிகள். முதல் தொகுதி மட்டும் 256 பக்கம். அதில் நான்காம், ஐந்தாம் அத்தியாயங்கள்தான் நமக்கு முக்கியம். நான்காவது, விபத்தின் தொழில்நுட்பக் காரணம். ஐந்தாவது, அந்த இரவின் முடிவு எடுக்கப்பட்ட விதம். இவற்றிலிருந்து மாணவருக்கு இரண்டு பக்கம், ஆசிரியருக்கு நான்கு பக்கம் எடுக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் இடத்திலேயே பலர் தவறுகிறார்கள். அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படித்து, முக்கியமானதாகத் தோன்றுவதைக் கோடிட்டுக்கொண்டே போகிறார்கள். சேலஞ்சர் விஷயத்தில் அப்படிப் போனால் எல்லாமே முக்கியமாகத்தான் தோன்றும். பயணத்தில் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை இருந்தார். ஏவுதல் ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போயிருந்தது. ஆணைய உறுப்பினரான இயற்பியலாளர் ஃபைன்மன், ரப்பர்த் துண்டைப் பனிக்கட்டி நீரில் முக்கிக் காட்டினார். எதை விடுவது? அதைத் தீர்மானிக்கக் கற்றல் நோக்கம் முதலில் வேண்டும்.

நோக்கம் என்றதும் 'நெறிமுறையின் அவசியத்தை மாணவர் உணர்வார்' என்று எழுதிவிடுவது வழக்கம். வகுப்பு முடிந்தபின் அவர் உணர்ந்தாரா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செய்துகாட்டக்கூடிய வேலையாக நோக்கம் இருந்தால்தான் அது எதையாவது வெட்ட உதவும். நம் குறிப்புக்கு மூன்று போதும். முதலாவது, கையில் கொடுத்த தரவில் எது விடுபட்டிருக்கிறது என்று மாணவர் கேட்டு வாங்குவார், அது வந்தபின் முடிவு எப்படி மாறுகிறது என்று காட்டுவார். இரண்டாவது, நிரூபிக்கும் பொறுப்பு யார் தலையில் இருந்தது, எந்தக் கட்டத்தில் அது கை மாறியது என்று சுட்டிக்காட்டுவார். மூன்றாவது, தன் மறுப்பை மேலதிகாரி ஒதுக்கித்தள்ள முடியாதபடி அரைப்பக்கத்தில் எழுதுவார்.

இந்த மூன்றையும் எதிரே வைத்துக்கொண்டு படித்தால் வெட்டுவது எளிதாகிவிடுகிறது. ஆசிரியையின் கதை மூன்றில் எதற்கும் உதவாது, போகட்டும். ஃபைன்மனின் பனிநீர் விபத்துக்குப் பின் நடந்தது. அதுவும் போகட்டும், மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும். தங்க வேண்டியது மூட்டு எப்படி வேலை செய்கிறது என்ற விவரம். பக்கவாட்டில் இருந்த பூஸ்டர் ராக்கெட்டுகள் ஒரே குழாயாக வருவதில்லை. சுமார் 3.7 மீட்டர் விட்டமுள்ள துண்டுகளாக வந்து ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. பொருத்தும் இடத்தில் உள்ளிருக்கும் எரிவாயு கசியாமலிருக்க இரண்டு ஓ-ரிங் வளையங்கள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் ஏழு மில்லிமீட்டர் தடிமன். எரியத் தொடங்கியதும் அழுத்தத்தில் உலோகம் உப்பி, மூட்டில் இடைவெளி விரிகிறது. ஒரு வினாடிக்கும் குறைவான அந்த நேரத்துக்குள் ரப்பர் பிதுங்கி இடைவெளியை அடைத்தாக வேண்டும். குளிர்ந்த ரப்பருக்கு அந்த வேகம் வராது. மாணவருக்கு இவ்வளவு போதும். ரப்பரின் வேதியியல் வேண்டாம்.

அடுத்த முடிவு, கதையை எங்கே நிறுத்துவது. கேஸ் எழுதத் தெரிந்தவர்கள் முடிவு எடுப்பதற்கு ஒரு கணம் முன்பு நிறுத்திவிடுவார்கள். சேலஞ்சரில் அந்தக் கணம் ஜனவரி 27 இரவு பத்தரை மணி வாக்கில் வருகிறது. யூட்டாவில் பூஸ்டர் தயாரிக்கும் மார்ட்டன் தியாகால் நிறுவனம், அலபாமாவில் நாசாவின் மார்ஷல் மையம், ஃப்ளோரிடாவில் கென்னடி மையம் மூன்றையும் இணைத்து ஒரு தொலைபேசிக் கூட்டம் நடந்தது. காலையில் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே இருக்கும் என்று முன்னறிவிப்பு. தியாகாலின் பொறியாளர்கள் 13 தாள்களை ஃபேக்ஸில் அனுப்பி விளக்கினார்கள். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்பது அவர்கள் பரிந்துரை. நாசா தரப்பு கடுமையாக ஆட்சேபித்தது. விதியை ஏவுதலுக்கு முந்தைய இரவில் மாற்றுவீர்களா, அப்படியானால் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டுமா என்ற தொனியில் லாரன்ஸ் மல்லாய் கேட்டார். தியாகால் ஐந்து நிமிடம் தனியாகப் பேச அவகாசம் கேட்டு இணைப்பைத் துண்டித்தது. மாணவரின் தாள் இங்கே முடிய வேண்டும். அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரமானதும், உள்ளே நடந்ததும் ஆசிரியரின் குறிப்பில் மட்டுமே இருக்கும்.

இனி தரவு. இந்தக் குறிப்பின் உயிர்நாடி இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

அன்றிரவு பேச்சு இரண்டு ஏவுதல்களைச் சுற்றியே ஓடியது. 1985 ஜனவரியில் சுமார் 12 டிகிரியில் ஏவியபோது முதல் வளையத்தைத் தாண்டிக் கறி படிந்திருந்தது. ரோஜர் பாய்ஜோலி என்ற பொறியாளர் இதைத்தான் பெரிதாக எடுத்துக்காட்டினார். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் சுமார் 24 டிகிரியில் ஏவியபோதும் கசிவு இருந்தது. குளிரிலும் கசிகிறது, வெயிலிலும் கசிகிறது என்றால் குளிர்தான் காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்? குளிரில் வந்த கறி மிகக் கருப்பாக, மிக அதிகமாக இருந்தது என்றார் பாய்ஜோலி. எண்ணில் சொல்லுங்கள் என்றபோது அவரிடம் எண் இல்லை.

ஆணையம் பின்னர் இரண்டு வரைபடங்களை அச்சிட்டது. முதலாவதில் சேதம் ஏற்பட்ட ஏழு ஏவுதல்கள் மட்டும் புள்ளிகளாக இருக்கின்றன. 12 டிகிரியிலிருந்து 24 டிகிரி வரை அங்கங்கே சிதறிக் கிடப்பதால் எந்த ஒழுங்கும் கண்ணில் படாது. இரண்டாவதில் சேதமில்லாமல் போன ஏவுதல்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இப்போது படம் தலைகீழாகிறது. 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, சுமார் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நடந்த நான்கு ஏவுதல்களிலும் சேதம். அதற்கு மேல் நடந்த இருபதில் மூன்றில் மட்டும். நல்லபடியாகப் போனவற்றில் ஒன்றுகூடக் குளிரில் போகவில்லை.

மாணவரின் தாளில் முதல் வரைபடம் மட்டும் இருக்க வேண்டும். இரண்டாவது, குறிப்பின் பின்னிணைப்பாக ஆசிரியரின் ஃபைலில் இருக்கும். சேதமில்லாத ஏவுதல்களின் வெப்பநிலை என்ன என்று யாராவது வாய் திறந்து கேட்டால்தான் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்காவிட்டால்? இருபது நிமிடம் ஓடியபின், “இந்தப் படத்தில் மொத்தம் எத்தனை ஏவுதல் இருக்கிறது? விண்கலம் இதுவரை எத்தனை முறை போயிருக்கிறது?” என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளும்படி குறிப்பு சொல்ல வேண்டும். முதலிலேயே இரண்டு படத்தையும் கொடுத்துவிட்டால் முதல் கற்றல் நோக்கம் காலி. மாணவர் 'ஆமாம் சார், தெளிவாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். விடுபட்டதைத் தேடும் பழக்கம் அதில் வராது.

அனுபவமுள்ளவர் எழுதிய குறிப்பா என்பது இங்கே சிறு விஷயங்களில் தெரிந்துவிடும். உதாரணத்துக்கு, முந்தைய 24 ஏவுதல்களில் நான்காவது பயணத்தின் பூஸ்டர்கள் கடலில் மூழ்கிவிட்டதால் அவற்றைப் பரிசோதிக்கவே முடியவில்லை. சில அட்டவணைகளில் 23 வரிசைதான் இருக்கும். வகுப்பில் எண்ணிப் பார்க்கும் ஒரு மாணவி கட்டாயம் இருப்பார். “சார், ஒன்று குறைகிறதே?” என்று அவர் கேட்கும்போது ஆசிரியர் விழிக்காமலிருக்க இந்த ஒரு வரி குறிப்பில் வேண்டும்.

கேள்விகளுக்கு வருவோம். 'நாசா செய்தது சரியா?' என்று தொடங்கினால் வகுப்பு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். முடிவு தெரிந்த கதைக்கு எல்லோரும் 'தவறு' என்றுதான் சொல்வார்கள். தொடக்கக் கேள்வி முடிவெடுக்கும் நாற்காலியில் மாணவரை உட்கார வைக்க வேண்டும். தியாகாலின் பொறியியல் துணைத்தலைவர் ராபர்ட் லண்ட். பரிந்துரையை வழங்கியவரே அவர்தான். “நீங்கள் லண்ட். இணைப்பு மறுபடி வருவதற்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏவலாமா, கூடாதா? கை தூக்குங்கள்.” எண்ணிக்கையைப் பலகையின் ஓரத்தில் எழுதிவைத்துவிட வேண்டும், வகுப்பின் கடைசியில் மறுபடி எண்ணத் தேவைப்படும்.

அடுத்த கேள்வி ஒரு எண்ணைப் பற்றியது. “53 டிகிரி என்ற எல்லை எங்கிருந்து வந்தது?” சாதாரணக் கேள்விபோலத் தெரியும், ஆனால் வகுப்பை உலுக்குவது இதுதான். 53 எந்தச் சோதனையிலிருந்தும் வந்ததில்லை. அதுவரை ஏவியதிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை, அவ்வளவுதான். அந்த வெப்பநிலையில்தான் கறி அதிகம் படிந்தது. அப்படியிருக்க 53இல் ஏவலாம், 50இல் கூடாது என்பதற்கு என்ன ஆதாரம்? மல்லாயின் ஆட்சேபத்தில் நியாயமே இல்லை என்று நினைத்திருந்த மாணவர் இங்கே கொஞ்சம் திணறுவார். குறிப்பில் இதன் கீழே எதிர்பார்க்கும் பதில்களை எழுதிவைக்க வேண்டும். 'பாதுகாப்புக்காக ஏதோ ஒரு எண் சொன்னார்கள்' என்று ஒருவர் சொன்னால், “அப்படியானால் எதிர்த்தரப்பும் ஏதோ ஒரு எண் சொல்லலாமா?” என்று கேட்கலாம். 'தெரியாத இடத்துக்குப் போக வேண்டாம் என்பதே ஆதாரம்' என்று இன்னொருவர் சொன்னால், பேச்சு தானாகவே இரண்டாவது நோக்கத்துக்குள் நுழைகிறது.

வழக்கமாக, ஏவுவது பாதுகாப்பானது என்று தயாரிப்பாளர் நிரூபிக்க வேண்டும். அன்றிரவு பாதுகாப்பற்றது என்று நிரூபிக்கும்படி ஆகிவிட்டது. இதை லண்டே ஆணையத்தின் முன் சொன்னார். பலகையில் இரண்டு பத்தி போட்டு, கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதை மாணவர்களைக் கொண்டே அதற்குள் போடச் சொன்னால், எந்த இடத்தில் சுமை கை மாறியது என்று அவர்களே காட்டிவிடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் தனிக்கூட்டத்தில் நடந்ததை ஆசிரியர் வாயால் சொல்ல வேண்டும். பொறியாளர்கள் மறுபடி வாதாடிப் பார்த்தார்கள். மூத்த அதிகாரி ஜெரால்ட் மேசன், இனி இது நிர்வாக முடிவு என்றார். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியைப் போடும்படி லண்டிடம் சொன்னார். நான்கு நிர்வாகிகள் மட்டும் வாக்களித்தார்கள், லண்ட் மாறினார். கென்னடி மையத்தில் இருந்த தியாகால் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் கையெழுத்துப் போட மறுத்ததால், யூட்டாவிலிருந்து வேறொருவர் போட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். கூட்டம் மீண்டும் இணைந்தபோது யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று நாசா தரப்பு கேட்டது. யூட்டா அறையில் இருந்த பொறியாளர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. 'ஏன் திறக்கவில்லை' என்று கேட்டால் வகுப்பு உளவியலில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அதைவிட, “அந்த நேரத்தில் ஃபேக்ஸில் அனுப்ப அரைப்பக்கம் எழுதுங்கள்” என்பது மேல். மூன்றாவது நோக்கம் நிறைவேறியதா என்பதற்கு அந்தத் தாளே சான்று. நல்ல தாளில் இரண்டு வரி கட்டாயம் இருக்கும்: ஒன்று, நாளைய வெப்பநிலை நம் அனுபவத்துக்கு வெளியே சுமார் 14 டிகிரி தள்ளி இருக்கிறது, இரண்டு, இந்தத் தகவல் கிடைத்தால் என் நிலையை மாற்றிக்கொள்வேன். கோபமாக எழுதப்பட்ட தாள்களில் இரண்டாவது வரி பெரும்பாலும் காணாமல்போகும்.

நேரக் கணக்கைச் சொல்லி நகர்ந்துவிடலாம். நம் கல்லூரிகளின் 50 நிமிட வகுப்பில் வாக்கெடுப்புக்கு ஐந்து, தரவுக்கு இருபது, நிரூபணப் பொறுப்புக்குப் பத்து, எழுதப் பத்து, மீதியில் மறு வாக்கெடுப்பு. தரவுப் பகுதி இழுத்துக்கொண்டு போனால் நிரூபணப் பகுதியைக் குறைக்கலாம். எழுதும் பத்து நிமிடத்தில் கை வைக்கக் கூடாது.

இந்தக் கேஸுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. பொறியாளர்கள் நல்லவர்கள், நிர்வாகிகள் கெட்டவர்கள் என்ற சினிமாக் கதையாக அது சுலபமாகச் சரிந்துவிடும். சமூகவியலாளர் டயேன் வான் 1996இல் வெளியிட்ட நூலில், அங்கே யாரும் விதியை மீறவில்லை, சிறு சிறு கசிவுகளை ஒவ்வொரு முறையும் 'பரவாயில்லை' என்று ஏற்று ஏற்றுப் பழகிப்போனதே காரணம் என்று வாதிட்டார். மறுபக்கம், வரைபடக் கலை பற்றி எழுதும் எட்வர்ட் டஃப்டி, 13 தாள்களில் ஒன்றுகூட வெப்பநிலையையும் சேதத்தையும் ஒழுங்காகச் சேர்த்துக் காட்டவில்லை என்று பொறியாளர்களையே குறை சொன்னார். பாய்ஜோலியும் சிலரும் இதை மறுத்து எழுதினார்கள். எல்லா ஏவுதல்களின் வெப்பநிலையும் அந்த இரவில் எங்கள் கையில் இல்லை, பிற்பாடு வரைந்த படத்தை வைத்து எங்களை எடைபோடாதீர்கள் என்பது அவர்கள் வாதம். இந்தச் சர்ச்சை மாணவர் தாளில் வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், 'இரண்டாவது படத்தைக் காட்டியிருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள்' என்று வகுப்பு முடிவு கட்டும்போது அவரும் தலையாட்டிவிடுவார். அந்தப் படத்திலும்கூட 12 டிகிரிக்குக் கீழே ஒரு புள்ளியும் கிடையாது.

குறிப்பின் கடைசிப் பத்தி பின்கதைக்கு. மெக்டொனால்டும் பாய்ஜோலியும் ஆணையத்திடம் உண்மையைச் சொன்னார்கள், நிறுவனத்தில் ஓரங்கட்டப்பட்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்டபின் மெக்டொனால்ட் மூட்டை மறுவடிவமைக்கும் பணிக்கே தலைவரானார். மூன்றாவது வளையமும் சூடேற்றியும் சேர்ந்தன. 1988 செப்டம்பரில் விண்கலம் மறுபடி பறந்தது. பாய்ஜோலி வேலையை விட்டு விலகினார். அவருக்கு அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் விருது கிடைத்தது. இதை மறு வாக்கெடுப்புக்கு முன் சொன்னால் முடிவு அந்தப் பக்கமே சாயும். பின்னால்தான் சொல்ல வேண்டும்.

தாளை மாணவருக்கு முந்தின நாளே கொடுக்கலாமா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். கொடுத்தால் இரவே இணையத்தில் இரண்டாவது வரைபடம் கிடைத்துவிடும். இந்தச் சிக்கலுக்கு அமெரிக்கப் பேராசிரியர்கள் ஜாக் பிரிட்டனும் சிம் சிட்கினும் கண்ட வழி புகழ்பெற்றது. அவர்கள் விண்கலத்தை மறைத்து, இதே தரவைக் கார் பந்தயக் குழுவின் கதையாக மாற்றி 'கார்ட்டர் ரேசிங்' என்ற கேஸை எழுதினார்கள். குளிரில் இன்ஜின் கோளாறு வருமா, பந்தயத்தில் இறங்கலாமா என்பது அதில் கேள்வி. முடிவு தெரியாததால் மாணவர் நிஜமாகவே திணறுவார். தரவுப் பாடம் இதில் இன்னும் ஆழமாக இறங்கும். ஆனால் கையெழுத்து மறுத்த மெக்டொனால்டும் தொப்பி மாற்றிய லண்டும் அதில் கிடையாது. முதல் நோக்கம் மட்டும் போதும் என்கிறவர் கார் பந்தயத்தை எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் வேண்டும் என்கிறவர் சேலஞ்சர் தாளை வகுப்பிலேயே கொடுத்து, படிக்கப் பத்து நிமிடம் ஒதுக்கி, அதை ஈடுகட்ட இரண்டு பீரியடைச் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.